சைவக்காரருக்கு இறால் அலர்ஜி

மேசையில் விரித்த ரிப்போர்ட்டை டாக்டர் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் ஓரிடத்தில் பேனா நின்றது.

"இறால் சாப்பிடுவீங்களாம்மா?"

"ஐயோ, நாங்க சைவம் டாக்டர். முட்டைகூடத் தொட்டதில்லை."

"இதுல இறால் பாசிட்டிவ்னு வந்திருக்கே?"

"அதைப் பார்த்துத்தான் பயந்துபோய் வந்திருக்கேன். பொறந்ததுலேர்ந்து சாப்பிடாத பொருளுக்கு எப்படி டாக்டர் அலர்ஜி வரும்?"

ஒவ்வாமை கிளினிக்குகளில் நடக்கும் பேச்சுகளைக் கோத்து அமைத்த காட்சி இது. அந்தப் பெண்ணும் அப்படிக் கோத்து உருவானவர்தான். 34 வயது. காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு. யாரோ சொன்னார்கள் என்று லேப்பில் ரத்தம் கொடுத்து 'அலர்ஜி பேனல்' எடுத்துவிட்டார். ரிப்போர்ட்டில் டஸ்ட் மைட் 38, கரப்பான் பூச்சி 6.2, இறால் 1.9, வேர்க்கடலை 0.6, கத்திரிக்காய் 0.5. முந்திரிக்கு நேராக 0.2 என்று போட்டு, பக்கத்தில் 'நெகட்டிவ்'. ஒரு வாரமாக வீட்டில் சட்னிக்கு வேர்க்கடலை இல்லை, சாம்பாரில் கத்திரிக்காய் இல்லை. தும்மல் மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த எண்களில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்பதற்கு முதலில் அந்த எண் எதை அளக்கிறது என்று தெரிய வேண்டும். அது நோயை அளப்பதில்லை. ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்கிறது.

நமக்கு ஒத்துக்கொள்ளாத ஒரு பொருளை உடல் அடையாளம் குறித்து வைத்துக்கொள்ளும்போது அந்தப் பொருளுக்கென்றே தனி ஐஜிஇ உருவாகிறது. இது ரத்தத்தில் கொஞ்சம் மிதக்கும். மீதி, தோலிலும் மூக்கிலும் குடலிலும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அதே பொருள் மறுபடி உள்ளே வந்து ஐஜிஇயில் மாட்டினால் மாஸ்ட் செல் வெடித்தாற்போல் ஹிஸ்டமினைக் கொட்டும். அரிப்பு, தடிப்பு, தும்மல், இளைப்பு எல்லாம் அதன் பிறகு வருபவை. ரத்தப் பரிசோதனை மிதக்கும் ஐஜிஇயை எண்ணுகிறது. தோல் பரிசோதனை, ஒட்டிக்கொண்ட ஐஜிஇயைச் சீண்டிப் பார்க்கிறது.

ஐஜிஇ என்ற பெயரெல்லாம் வருவதற்கு வெகுநாள் முன்பு, 1921-இல், பிரெஸ்லாவ் நகரில் இரண்டு மருத்துவர்கள் ஒரு விசித்திரமான வேலை செய்தார்கள். ஹைன்ஸ் கூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். கார்ல் பிராஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தத் தொந்தரவும் இல்லை. கூஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து தெளிந்த சீரத்தை எடுத்துப் பிராஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலுக்குள் கொஞ்சம் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றை ஏற்றினார். அந்த இடம் மட்டும் சிவந்து தடித்தது. ஒவ்வாமையைக் கடத்தும் ஏதோ ஒன்று ரத்தத்தில் இருக்கிறது என்பதற்குத் தெளிவான சாட்சியம் அது. 1960-களின் பிற்பகுதியில் கிமிஷிகே, டெருகோ இஷிசகா தம்பதியர் அமெரிக்காவிலும், யோஹான்சன், பென்னிக் இருவரும் ஸ்வீடனிலும் அந்த 'ஏதோ ஒன்றை' தனித்தனியே பிடித்தார்கள். 1968-இல் அதற்கு ஐஜிஇ என்று பெயர் நிலைத்தது.

பிராஸ்னிட்ஸின் வயிற்றில் எழுந்த அந்தத் தடிப்பை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். அவருக்கு மீன் ஒவ்வாமை கிடையாது. ஆனால் அன்று அந்த இடத்தில் மீன் டெஸ்ட் எடுத்திருந்தால் ரிசல்ட் 'பாசிட்டிவ்'. தோலில் ஐஜிஇ இருப்பதும், அந்த ஆள் மீன் சாப்பிட்டால் படுத்துவிடுவார் என்பதும் இரண்டு வேறு விஷயங்கள். மருத்துவர்கள் முதல் நிலையை 'சென்சிடைசேஷன்' என்பார்கள். உடல் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவதுதான் அலர்ஜி. ரிப்போர்ட்டில் அச்சாவது முதலாவது. வீட்டுக்குப் போனதும் நாம் படிப்பது இரண்டாவது.

தோல் பரிசோதனையை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் புரிந்துவிடும். முன்கையின் உட்பக்கத்தைத் துடைத்து, பேனாவால் எண்கள் எழுதுவார்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு சாறு, ஒன்றுக்கொன்று குறைந்தது 2 சென்டிமீட்டர் இடைவெளி. சுமார் 1 மில்லிமீட்டர் முனை உள்ள லான்செட்டால் சொட்டின் வழியாகத் தோலை லேசாகக் குத்துவார்கள். ரத்தம் வரக்கூடாது. சொட்டுக்கு ஒரு புது லான்செட். இரண்டு சொட்டுகள் தனி வகை: ஒன்று வெறும் உப்புநீர், மற்றொன்று ஹிஸ்டமின். 15 முதல் 20 நிமிடம் கையைச் சொறியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். பிறகு ஒவ்வொரு தடிப்பையும் ஸ்கேலால் அளப்பார்கள். உப்புநீர் குத்தை விட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். நம் ஊர்த் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. ஆகவே நிறத்தைப் பார்க்காமல், கொசு கடித்த இடம்போல் மேடிட்டிருக்கும் பகுதியை விரலால் தடவி, அதன் விளிம்பில் கோடு போட்டு அளப்பது நல்லது.

உப்புநீர்ச் சொட்டு எதற்கு? சிலருக்கு நகத்தால் கோடு போட்டாலே தோல் தடிக்கும். அவர்களுக்கு எதைக் குத்தினாலும் தடிக்கும், உப்புநீரும்தான். ஹிஸ்டமின் சொட்டு இதற்கு நேர்மாறு. அது எல்லோருக்கும் தடிக்க வேண்டும். தடிக்கவில்லை என்றால் அந்தத் தோல் மருந்தில் மரத்துக் கிடக்கிறது என்று பொருள். மீதிச் சொட்டுகள் காட்டும் 'நெகட்டிவ்' எதுவும் செல்லாது. செட்ரிசின் போன்ற மாத்திரையைப் பல நாள் முன்பே நிறுத்தச் சொல்வது இதனால்தான். பெரும்பாலான கிளினிக்குகள் ஒரு வாரம் என்று சொல்லும். நோயாளி செட்ரிசினை நிறுத்திவிடுவார், ஆனால் முந்தின இரவு ஜலதோஷத்துக்கென்று போட்ட மாத்திரைக்குள்ளும் இருமல் சிரப்புக்குள்ளும் அதே வகை மருந்து இருப்பது அவருக்குத் தெரியாது. ரத்தப் பரிசோதனைக்கு இந்தத் தொல்லை இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டே ரத்தம் கொடுக்கலாம். தோல் முழுக்கக் கரப்பான் படர்ந்த குழந்தைக்கும், குத்துவதற்குச் சுத்தமான இடம் கிடைக்காததால், ரத்தம்தான் வழி.

சரி, ஐஜிஇ இருப்பவர் எல்லாம் அலர்ஜிக்காரர் இல்லை என்றால், எத்தனை பேர் அப்படி? இதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. யூரோப்ரிவால் என்ற பன்னாட்டு ஆய்வின் ஒரு பகுதியாகக் கர்நாடகத்தில், பெங்களூரு, மைசூருப் பக்கத்துப் பெரியவர்களைப் பரிசோதித்து 2016-இல் முடிவு வெளியிட்டார்கள். ஏதாவது ஒரு உணவுக்காவது ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 சதவீதம். அந்த உணவைச் சாப்பிட்டு உண்மையில் தொந்தரவு வந்ததாகச் சொல்லி, அதே உணவுக்கு ஐஜிஇயும் இருந்தவர்கள் 1.2 சதவீதம்.

இதை ஆட்களாக்கிப் பார்க்கலாம். எந்தக் குறையும் சொல்லாத 1000 பேர் வரிசையில் நின்று உணவு பேனல் எடுக்கிறார்கள். 265 பேர் கையில் பாசிட்டிவ் ரிப்போர்ட். அவர்களில் உணவு ஒவ்வாமை இருக்கக்கூடியவர்கள் 12 பேர். மீதி 253 பேர், நேற்று வரை நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை இன்றிலிருந்து தட்டிலிருந்து ஒதுக்கத் தொடங்குவார்கள்.

அதே டெஸ்டை வேறு கூட்டத்துக்கு எடுத்தால் கதை மாறும். ஒரு உணவைத் தின்ற பத்தாவது நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பு தடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். இவர்களில் 80 பேருக்கு உண்மையான அலர்ஜி என்று ஒரு கணக்குக்காக எடுத்துக்கொண்டால், டெஸ்ட் அதில் 76 பேரைப் பிடிக்கலாம். அலர்ஜி இல்லாத 20 பேரில் 5 பேரைத் தவறாகப் பிடிக்கலாம். மொத்தம் 81 பாசிட்டிவ், 76 உண்மை. டெஸ்ட் மாறவில்லை, லேப் மாறவில்லை. வந்தவரின் கதைதான் மாறியது. அதனால் தேர்ந்த ஒவ்வாமை மருத்துவர் ரத்தம் எடுக்கச் சொல்லும் முன்பு முக்கால் மணி நேரம் கேள்வி கேட்பார்: என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் ஆரம்பித்தது, அதே பொருளை அதற்குப் பிறகு சாப்பிட்டீர்களா? 'எதற்கும் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்' என்று நாற்பது, ஐம்பது பொருளுக்குப் பேனல் எடுப்பது இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது.

இப்போது அந்த இறால்.

இறாலின் சதையில் ட்ரோபோமயோசின் என்று ஒரு புரதம். தசை சுருங்கி விரிய உதவும் புரதம் அது. வேகவைத்தாலும் எளிதில் சிதையாது. இறாலுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை: ஓடும் கால்களும் கொண்ட பூச்சிக் குடும்பம் முழுக்க அதே புரதத்தைச் சிறு மாற்றங்களோடு வைத்திருக்கிறது. மெத்தையிலும் தலையணையிலும் நம் தோல் செதிலைத் தின்று வாழும் டஸ்ட் மைட்டிலும், அடுக்களைக் கரப்பான் பூச்சியிலும் இருக்கும் ட்ரோபோமயோசின் இறாலின் புரதத்தோடு சுமார் 80 சதவீதம் ஒத்துப்போகிறது. மூச்சோடு உள்ளே போகும் மைட் தூளுக்கும் கரப்பான் தூளுக்கும் உடல் ஐஜிஇ செய்து வைத்திருந்தால், லேப்பில் இறால் புரதத்தைக் காட்டும்போது அந்த ஐஜிஇ 'இவன்தான்' என்று போய் ஒட்டிக்கொள்ளும். (குழந்தைகளின் தோல் நோய்க்கும் இந்தப் பூச்சிக்கும் தமிழில் ஒரே பெயர். பொருத்தம் தற்செயல்தான் என்றாலும், ஒவ்வாமை மருத்துவருக்குச் சிரிப்பு வரும்.)

இது ஊகம் இல்லை. 2003-இல் வெளியான ஒரு ஆய்வில், மதக் கட்டுப்பாட்டால் இறாலைத் தொடவே தொடாத யூதர்கள் சிலரை எடுத்துக்கொண்டார்கள். மைட் ஒவ்வாமை உள்ளவர்கள். இறாலுக்கும் தோல் பரிசோதனை பாசிட்டிவ். அவர்கள் ரத்தத்தில் இருந்த 'இறால்' ஐஜிஇயை ஆராய்ந்தபோது அது ட்ரோபோமயோசினைப் பிடிக்கும் ஐஜிஇ, மைட்டின் வழியாக வந்தது என்று தெரிந்தது. நம் 34 வயதுக்காரரின் 1.9 அதே கதை. மைட் 38, கரப்பான் 6.2 என்று மேலேயே காரணம் அச்சாகியிருக்கிறது.

வேர்க்கடலை 0.6, கத்திரிக்காய் 0.5 இரண்டும் வேறு வகை. பல செடிகளின் மகரந்தத்திலும் காய்களிலும் ஒரே மாதிரி சர்க்கரைக் கொத்துகள் புரதத்தோடு ஒட்டியிருக்கும். அவற்றுக்கும் ஐஜிஇ உண்டாகலாம். ஆனால் அந்த ஐஜிஇ பெரும்பாலும் உடம்பில் ஒன்றும் செய்யாது. ரிப்போர்ட்டில் மட்டும் ஒரே நேரத்தில் ஏழெட்டு காய்கறிக்கு எதிரே சின்னச் சின்ன எண்களாக வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பாசிட்டிவ் என்றால் டாக்டர் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். குடலில் புழு இருந்தோ கடுமையான கரப்பானாலோ மொத்த ஐஜிஇ ஆயிரக்கணக்கில் ஏறி நிற்பவர்களுக்கும் இப்படிச் சில்லறை பாசிட்டிவ்கள் வரும்.

டாக்டர் அந்தப் பெண்ணிடம் இரண்டே கேள்வி கேட்டார். "கடைசியா வேர்க்கடலை எப்போ சாப்பிட்டீங்க?" "ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வாரத்துல மூணு நாள் சட்னி." "கத்திரிக்காய்?" "அதுக்கு முந்தின நாள் எண்ணெய்க் கத்திரிக்காய்." "சாப்பிட்டதும் ஏதாவது ஆச்சா?" "ஒண்ணும் ஆகலை." இரண்டு வரியையும் பேனா அடித்தது. பிரச்சினையின்றி அடிக்கடி சாப்பிட்டுவரும் பொருளுக்கு வரும் பாசிட்டிவ்வுக்கு, சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்ற பதிலே போதும்.

எல்லாக் குடும்பமும் இப்படிக் கேட்டுத் தெளிந்துகொள்வதில்லை. அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு பெரிய ஒவ்வாமை மருத்துவமனைக்கு வந்த 125 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2011-இல் வெளியானது. பெரும்பாலும் கரப்பான் உள்ள குழந்தைகள். டெஸ்ட் பாசிட்டிவ் என்பதற்காகவே பலர் பால், முட்டை, கோதுமை என்று உணவுகளை வரிசையாக ஒதுக்கியிருந்தார்கள். மருத்துவமனையில் டாக்டர் பார்வையில் அந்த உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள், மொத்தம் 364 முறை. 325 முறை ஒன்றும் ஆகவில்லை.

ஒதுக்குவதில் என்ன நஷ்டம், பத்திரம்தானே என்று தோன்றும். வளரும் குழந்தைக்குப் பாலும் முட்டையும் போனால் எடை போகும், இது ஒன்று. இதைவிடக் கவலை தருவது மற்றொன்று. கரப்பான் உள்ள குழந்தை ஒரு உணவைத் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஐஜிஇ இருந்தாலும் குடல் அதைச் சகித்துப் பழகியிருக்கிறது. திடீரென்று மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தால் சில குழந்தைகளுக்கு அப்போதுதான் உண்மையான, ஆபத்தான ஒவ்வாமை வெளிப்படுகிறது. இல்லாத நோய்க்குப் போட்ட பத்தியம் நோயை வரவழைத்ததாக ஆகிவிடுகிறது.

எண் பெரிதாக இருந்தால்? 0.35-க்கு மேல் பாசிட்டிவ் என்று லேப்கள் கோடு போட்டு, 0 முதல் 6 வரை வகுப்பு பிரித்திருக்கின்றன. இந்த வகுப்புகள் ஐஜிஇயின் அளவுக்கு மட்டும்தான். வகுப்பு 5 என்றால் வகுப்பு 2-ஐ விட மோசமாக வரும் என்று அர்த்தமில்லை. எண் கூடக்கூட, சாப்பிட்டால் ஏதோ ஒன்று வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது. வந்தால் உதட்டரிப்போடு நிற்குமா, ரத்த அழுத்தம் சரிந்து மயங்குவாரா என்பதை அந்த எண் சொல்லாது. அமெரிக்காவில் ஹியூ சாம்ப்சன் தன் கிளினிக் குழந்தைகளை வைத்து, வேர்க்கடலைக்கு 14, முட்டைக்கு 7 என்ற அளவைத் தாண்டினால் 95 சதவீதம் அலர்ஜிதான் என்று கண்டார். மிகவும் பயன்பட்ட எண்கள் அவை. ஆனால் அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே கடுமையாகப் பாதிக்கப்பட்டுச் சிறப்பு மருத்துவமனைக்கு வந்தவர்கள். அதே 14-ஐத் தெருவில் போகும் குழந்தைமேல் வைத்தால் அதே 95 கிடைக்காது.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அப்படித்தான், பிறந்ததிலிருந்து தொடர்ந்த சாதாரணக் குழந்தைகளை 8 வயதில் பார்த்தார்கள். 933 பேரில் 110 பேருக்கு வேர்க்கடலைக்கு எதிர்ப்பு இருந்தது. கொடுத்துப் பார்த்து முடித்த பிறகு, அப்படி எதிர்ப்பு உள்ளவர்களில் சுமார் 22 சதவீதத்துக்கே உண்மையான அலர்ஜி என்று 2010-இல் எழுதினார்கள். அலர்ஜி உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்துக் காட்டியது மொத்தக் கடலைச் சாறு அல்ல, அதில் இருக்கும் ஒரேயொரு புரதம். 'அரா எச் 2' என்று பெயர். மொத்தப் பருப்புக்குப் பதில் தனித்தனிப் புரதத்துக்கு ஐஜிஇ பார்க்கும் பரிசோதனைகள் இப்போது வந்திருப்பதன் பின்னணி இது.

இதுவரை இல்லாததை இருப்பதாகக் காட்டும் பாசிட்டிவ். இனி, இருப்பதை மறைக்கும் நெகட்டிவ்.

டாக்டரின் பேனா முந்திரிக்குத் திரும்பியது. 0.2, நெகட்டிவ். அந்தப் பெண் தாமாகவே சொன்னார்: "ரெண்டு மாசம் முன்னாடி ஒரு கல்யாணத்துல முந்திரி கேக் ஒரு துண்டு சாப்பிட்டேன் டாக்டர். அஞ்சு நிமிஷத்துல உதடு வீங்கி, தொண்டை நமநமன்னு அரிச்சுது. ஒரு மாத்திரை போட்டேன், அடங்கிடுச்சு. இதுல நெகட்டிவ்னு வந்திருக்கறதால அது வேற ஏதோன்னு விட்டுட்டேன்." அத்தனை வரிகளிலும் டாக்டர் வட்டம் போட்டது இந்த ஒரு 'நெகட்டிவ்'வுக்குத்தான்.

உணவுக்கான நெகட்டிவ் முடிவு பொதுவாக நம்பக்கூடியது. பாசிட்டிவ்வை விடப் பல மடங்கு நம்பலாம். ஆனாலும் அதில் ஓட்டைகள் உண்டு. 0.35 என்ற கோடு பழைய கருவிகளின் எல்லையில் போட்டது. இன்றைய கருவிகள் 0.1 வரை பார்க்கின்றன. 0.2 என்றால் 'இல்லை' அல்ல, 'கொஞ்சம் இருக்கிறது'. கதை இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அந்தக் கொஞ்சத்தைப் புறக்கணிக்க முடியாது.

சாறும் ஒரு காரணம். புட்டியில் வரும் சாறு பல வேளைகளில் உணவின் முழு பிரதிநிதி இல்லை. பழங்களின் சில புரதங்கள் புட்டிக்குள்ளேயே சிதைந்துவிடும். அதனால் டாக்டர்கள் லான்செட்டை முதலில் பழத்தில் குத்தி, அதே முனையால் தோலைக் குத்துவார்கள். கோதுமையில் ஒமேகா-5 கிளையாடின் என்ற புரதம் நீரில் கரையாது. நீரில் எடுத்த சாற்றில் அது போதுமான அளவு வராது. சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு ஓடினாலோ கடுமையாக உழைத்தாலோ மட்டும் உடம்பு தடித்து மயங்குபவர்கள் இருக்கிறார்கள். உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அந்த வகைக்கு வழக்கமான கோதுமை டெஸ்ட் நெகட்டிவ்வாக வந்து ஏமாற்றலாம்; ஒமேகா-5 கிளையாடினைத் தனியே கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதில் வியப்பான கதை அமெரிக்காவின் தென்கிழக்கில் நடந்தது. செடூக்ஸிமாப் என்ற புற்றுநோய் மருந்தை முதல்முறை ஏற்றியபோதே அந்தப் பகுதி நோயாளிகளில் பலர் கடும் ஒவ்வாமையில் விழுந்தார்கள். முன்பின் அந்த மருந்தைப் பார்த்திராத உடம்பு எப்படி எதிர்க்கும்? வர்ஜீனியாவின் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர், மருந்திலிருக்கும் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரைக்கு அவர்களிடம் ஏற்கெனவே ஐஜிஇ இருந்ததை 2008-இல் காட்டினார்கள். உண்ணி கடிப்பதால் உண்டாகும் ஐஜிஇ அது. மாடு, ஆடு, பன்றி இறைச்சியிலும் அதே சர்க்கரை. தற்செயலாகப் பிளாட்ஸ்-மில்ஸையே காட்டில் நடக்கப் போனபோது உண்ணிகள் கடித்து, சில மாதம் கழித்து ஆட்டிறைச்சி சாப்பிட்ட இரவில் உடம்பு முழுக்கத் தடிப்பு வந்தது. சாப்பிட்ட உடனே வராமல் மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்து வருவது இந்த ஒவ்வாமையின் குணம். அதனால் இரவு உணவையும் நடுநிசித் தடிப்பையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. புட்டி இறைச்சிச் சாற்றால் இவர்கள் தோலைக் குத்தினால் 4 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புதான் வந்தது. பச்சை இறைச்சியால் குத்தியபோது நன்றாகத் தடித்தது. சாற்றை மட்டும் நம்பியிருந்தால் பல பேர் 'காரணம் தெரியாத காணாக்கடி' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள்.

ஐஜிஇ சம்பந்தமே இல்லாத உணவுத் தொல்லைகளும் உண்டு. பால் குடித்த இரண்டு மணி நேரம் கழித்து விடாமல் வாந்தியெடுத்து வெளிறிப்போகும் கைக்குழந்தை, பால் செரிக்காமல் வயிறு உப்பும் பெரியவர் இவர்களுக்கு ஐஜிஇ டெஸ்ட் நெகட்டிவ்வாகத்தான் வரும், அது சரியும்கூட. கேள்வியே வேறு. இந்த இடைவெளியில்தான் 'உணவு ஒத்துழையாமை டெஸ்ட்' என்று ஐஜிஜி பேனல்கள் நுழைகின்றன. ஐஜிஜி நாம் எதை அடிக்கடி சாப்பிடுகிறோம் என்பதையே பெரும்பாலும் காட்டும். அலர்ஜியைக் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008-லேயே எழுதிவிட்டது. பில் மட்டும் இன்னும் வருகிறது.

கதையும் டெஸ்டும் ஒத்துப்போகாமல் இழுபறியாக நின்றால் கடைசித் தீர்ப்பு வாயால்தான். ஆஸ்பத்திரிப் படுக்கையில் உட்காரவைத்து, அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு, உணவைச் சிறு சிறு அளவில் கொடுத்துப் பார்ப்பார்கள். பன்னாட்டு வழக்கப்படி 3 மில்லிகிராம் புரதத்தில் ஆரம்பித்து 10, 30, 100, 300, 1000, 3000 என்று குறைந்தது 20 நிமிட இடைவெளியில் ஏற்றுவார்கள். வேர்க்கடலையில் கடைசி அளவு ஏறக்குறைய 12 கிராம், ஒரு கைப்பிடி. பிறகு இரண்டு மணி நேரமாவது பார்வையில் வைத்திருப்பார்கள். அரை நாள் போகும். படுக்கை வேண்டும், நர்ஸ் வேண்டும். அதனால்தான் பலருக்கு இது செய்யப்படுவதே இல்லை. வீட்டில் செய்து பார்க்கும் வேலையும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு அது தேவைப்படவில்லை. ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். வந்த அன்று ஒரு முந்திரியை நசுக்கி உப்புநீரில் குழைத்து, அதைத் தோலில் குத்தினார்கள். ஹிஸ்டமின் 5 மில்லிமீட்டர் தடித்தது, உப்புநீர் ஒன்றும் இல்லை, முந்திரி 9. கதையும் தடிப்பும் ஒன்றையே சொன்னதால் கொடுத்துப் பார்க்கும் ஆபத்தை எடுக்க வேண்டியதில்லை. முந்திரிக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பிஸ்தாவும் ஆகாது, புரதங்கள் அவ்வளவு நெருக்கம். அதையும் சேர்த்து நிறுத்தச் சொன்னார் டாக்டர். தும்மலுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிரே, தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசுவது, அடுக்களைக் கரப்பானுக்கு ஜெல் மருந்து.

வெளியே வந்து ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது கணவர் கேட்டார்: "அப்போ கத்திரிக்காய் வாங்கிட்டுப் போலாமா?"

"வாங்கலாம். வேர்க்கடலையும் வாங்கணும்." அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பொங்கல்ல முந்திரி, பாயசத்துல முந்திரி, ஹோட்டல் குருமால அரைச்சு விட்டிருப்பான், பனீர் பட்டர் மசாலால கேட்டே ஆகணும்.